பின்கண்ணாடியில் தெளியாத இரண்டு கோடு

அன்னதானச் சாமான் ஏற்றும் வேனில் மழை நாள்ல பின்கண்ணாடி மூடிக்குது, பிள்ளைங்க ஓடுற இடத்துல ரிவர்ஸ் எடுக்கவே பயமா இருக்குன்னு நம்ம தொண்டர்கள் சொன்னாங்க. டிமிஸ்டர் சுவிட்ச் போட்டுப் பார்த்தோம். மற்ற கோடுகள் பக்கம் பனி தெளிஞ்சது, நடுவுல இரண்டு கோடு மட்டும் அப்படியே நின்னுச்சு. இதுவே நல்ல சோதனைதான். எல்லாக் கோடும் வேலை செய்யலைன்னா ஃபியூஸ், ரிலே, ஓரத்து வயர் இதையெல்லாம் பாருங்க. ஒண்ணு ரெண்டுதான்னா கோடு அறுந்திருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆங் மோ கியோவில் பலமாடி கார்நிறுத்துமிடத்துல உட்கார்ந்து பார்த்தோம். நிறுத்தின வண்டியில என்ஜினை ஓடவிட்டா இங்கே அபராதம், அதனால சாவியை மட்டும் ஆன்ல வச்சோம். (சில வண்டிகள்ல என்ஜின் ஓடினாத்தான் டிமிஸ்டர் வேலை செய்யும்.) மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வச்சு, கறுப்பு முனையை எர்த்ல பிடிச்சோம். சிவப்பு முனையில அலுமினியத் தாளைச் சுத்திக்கணும், இல்லேன்னா அதுவே கோட்டைக் கீறிடும்.

நல்ல கோட்டுல ஒரு ஓரம் 12 வோல்ட், நடுவுல 6, மறு ஓரம் 0ன்னு படிப்படியா இறங்கும். அறுந்த கோட்டுல கரண்ட் ஓடாது, அதனால வோல்ட்டும் இறங்காது. எங்க கோட்டுல நடுவுலயும் 12 காட்டுச்சு. அப்போ அறுப்பு எர்த் பக்கம்தான். மெதுவா அந்தப் பக்கம் நகர்த்தினோம். ஒரு சாண் தள்ளி 12 சட்டுனு 0 ஆச்சு. அதான் இடம்! உத்துப் பார்த்தா மயிரிழை அளவு கீறல். அடுக்கின மடக்கு நாற்காலியோட கால் உரசுற அதே உயரம். அடுத்த கோட்டுலயும் அதே நேர்லதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, டிமிஸ்டர் கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடும். எல்லா இடத்துலயும் 0 காட்டினா சுவிட்சைத் திரும்பப் போடுங்க.

கார் சாமான் கடையில வெள்ளிப் பொடி கலந்த பெயின்ட் சின்ன பாட்டில்ல கிடைக்கும். சூப்பர் குளூ போட்டா மின்சாரம் கடக்காது. அந்த இடத்தை ஸ்பிரிட்டால துடைச்சு, கோட்டுக்கு மேலயும் கீழயும் டேப் ஒட்டி, கோட்டளவு இடைவெளி மட்டும் விட்டோம். வெள்ளி அடியில தங்கிடும், நல்லா குலுக்கணும். அறுப்புக்கு இரண்டு பக்கமும் நல்ல கோட்டு மேல ஒரு சென்டிமீட்டராவது ஏறுற மாதிரி மெல்லிசா பூசி, காய விட்டு மறுபடி பூசினோம். ஒரு நாள் முழுக்க டிமிஸ்டரைப் போடலை.

ஒரு அங்குலத்துக்கு மேல கோடே போயிருந்தா இது சரிவராது. கோட்டு மேல சன் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் கஷ்டம், ஃபிலிமை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி அளந்தோம். இரண்டு கோட்டுலயும் நடுவுல 6 வோல்ட். இப்போ நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பழைய போர்வை ஒண்ணு தொங்குது. சாமான் ஏற்றுறவங்க அதை எடுத்துடாதீங்க.