ஒரு நன்றிச் செய்தியும் சில கன்னடச் சொற்களும்

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவன நூலகத்தில் பார்க்க வேண்டிய நூல்கள் சில இருந்தமையால், சென்ற மாதம் மைசூரில் ஆறு நாள் தங்கினேன். இடம் கொடுத்தவர் என் நெறியாளருடைய பழைய மாணவி ஒருவரின் தாயார். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. சரஸ்வதிபுரத்தில் தனியாக வாழ்பவர். முதல் நாள் தயங்கித் தயங்கி வாடகைப் பேச்சை எடுத்தேன். அப்பேச்சை மீண்டும் எடுப்பதானால் விடுதியில் அறை பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டார்.

ஹைதராபாத் திரும்பிய அன்று அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். பன்னிரண்டு வரிக்கு மேற்படாத அச்செய்திக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மொழியியல் படித்தவள் ஒரு நன்றிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதா என்று அறைத்தோழி கேலி செய்தாள். அந்த மூன்று மணி நேரம் எதில் கழிந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதற்சிக்கல், சொல். ‘தன்யவாதகளு’ என்பது கன்னடத்தில் எல்லாரும் அறிந்த சொல்தான். ஆனால் அது மேடையில் ஒலிக்கும் சொல். அறிவிப்புப் பலகையிலும் அழைப்பிதழிலும் வாழும் சொல். ஆறு நாளும் அவ்வீட்டில் அது என் காதில் விழவில்லை. பால் கொண்டுவந்த சிறுவனிடமோ, மருந்து வாங்கித் தந்த பக்கத்து வீட்டாரிடமோ அம்மா அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மருந்து வந்தபோது அவர் சொன்னது ‘உபகார ஆயித்து’ என்பதே. ‘உதவி ஆயிற்று’ என்று பொருள். அதில் ‘நான்’ இல்லை, ‘உங்களுக்கு’ என்பதும் இல்லை. நடந்த நன்மை ஒன்று நடந்ததாக அறியப்படுகிறது, அவ்வளவே. நம் குறளின் பதினோராம் அதிகாரத் தலைப்பு நினைவுக்கு வந்தது. ‘செய்ந்நன்றி அறிதல்’ என்னும்போது நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. பெற்றவர் செய்ய வேண்டியது அதை அறிதல். இன்று நாம் நன்றியைச் ‘சொல்கிறோம்’. அங்கே அது ‘அறிய’ வேண்டியதாக இருக்கிறது.

இரண்டாம் சிக்கல், எதற்கு நன்றி என்பது. பேச்சுச்செயல்களைப் பற்றிய 1969ஆம் ஆண்டு நூலில் சேர்ல், நன்றி கூறலுக்குச் சில நிபந்தனைகள் வகுத்தார்: கேட்பவர் முன்பு ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும், அது சொல்பவருக்கு நன்மை தந்திருக்க வேண்டும், சொல்பவர் அதை உணர்ந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துக் கொடுத்தவருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆறு நாள் ஒரு வீட்டில் இருப்பது அப்படி ஒற்றைச் செயல் அன்று. அம்மா காலை ஆறு மணிக்குக் காப்பி போட்டார். நான் இல்லாவிட்டாலும் போட்டிருப்பார். எனக்காக அவர் செய்ததையும், அவர் வாழ்வில் எனக்குத் தானாகக் கிடைத்த பங்கையும் பிரிக்க முடியாது. ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்ற தொடர் நொண்டுவது இதனால்தான். அதில் செயல் எதுவும் இல்லை. எவ்வீட்டிலிருந்து திரும்பியவரும் எவ்வீட்டாருக்கும் அதை அனுப்பலாம். ஆகவே எனக்கென்றே செய்யப்பட்டவை என்று ஐயமின்றித் தெரிந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நூலகத்திலிருந்து தாமதமாக வந்த இரவு, சாப்பிடாமல் காத்திருந்தது; என் கண்ணெரிச்சலைக் கண்டு படிக்கும் மேசையை ஜன்னலோரம் நகர்த்தியது; புறப்படும்போது மொசரன்னம் கட்டித் தந்தது. நம் தயிர்ச்சோறுதான், அவர் அதில் மாதுளை முத்துகளைச் சேர்த்திருந்தார்.

மூன்றாவது, கடன். நன்றி சொல்பவர் தம்மைக் கடன்பட்டவராக ஒப்புக்கொள்கிறார், அதனால் சற்றே தாழ்கிறார் என்பது பிரௌன், லெவின்சன் ஆகியோரின் கருத்து. அவர்களுடைய தரவுகளில் கோவை வட்டாரச் சிற்றூர் ஒன்றின் தமிழும் உண்டு. தென்னிந்தியாவில் நன்றியுணர்வு வெளிப்படையான சொல்லைவிடச் செயலாலும் பதில் செய்வதாலும் வெளிப்படுகிறது என்பதைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1985இல் எழுதினார். கன்னடத்தில் கடனுக்கு ‘ருண’ என்று பெயர். உண்ட சோற்றின் கடன் ‘அன்னத ருண’. உங்கள் ருணத்தை எப்படித் தீர்ப்பேன் என்று எழுதுவது அங்கே இயல்பான வழக்கு. எனினும் தவிர்த்தேன். தீர்ப்பது பற்றிய பேச்சு, முதல் நாள் அவர் மறுத்த வாடகைப் பேச்சின் மறுவடிவமாகவே எனக்குப் பட்டது. அதே காரணத்தால் பரிசுப்பொருள் அனுப்பும் எண்ணத்தையும் விட்டேன். புறப்படும்போது அவர் அரிசின-குங்குமமும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ‘ஹோகி பர்த்தீனி’ என்றேன். நம் ‘போய் வருகிறேன்’தான் அது; மீண்டும் வருவேன் என்ற வாக்கு அதிலேயே இருக்கிறது. உடனே ஒரு பரிசை அனுப்பினால் கணக்கு நேராகிவிடும். நேரான கணக்கிற்கு மறுவருகை தேவையில்லை.

நான்காவதுதான் மிகக் கடினமாக இருந்தது. என் ஆய்வு ஏவல் வடிவங்களைப் பற்றியது. முதல் இரு நாள் அம்மா என்னை ‘பன்னி’ என்று மரியாதையாக அழைத்தார். மூன்றாம் நாள் காலை அடுக்களையிலிருந்து ‘பா’ என்றார். ‘வாருங்கள்’ ‘வா’ ஆயிற்று. அன்றிலிருந்து நான் ‘நீனு’. அவர் எனக்கு என்றும் ‘நீவு’. ஊரிலுள்ள தங்கையிடம் தொலைபேசியில் பேசும்போது அவருடைய ஏவல்கள் வேறாக ஒலித்தன. எந்த ஆய்வாளருக்கும் கை துறுதுறுக்கும். நன்றிச் செய்தியின் இறுதியில் ‘உங்கள் பேச்சைப் பதிவு செய்ய அனுமதிப்பீர்களா’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அவர் மறுக்கமாட்டார்.

மறுக்கமாட்டார் என்பதே சிக்கல். நன்றியோடு சேர்ந்து வரும் வேண்டுகோளை மறுப்பது ஒரு விருந்தோம்புநருக்கு ஏறத்தாழ முடியாத செயல். அப்படிப் பெறும் இசைவு ஒப்பமிட்ட படிவமாக இருக்கலாம்; இசைவாக இராது. மேலும், அந்த வரி முன்னுள்ள பதினொரு வரிகளின் பொருளையும் மாற்றிவிடும்: காத்திருந்த இரவும் நகர்ந்த மேசையும் வேண்டுகோளுக்கு முன்னுரை ஆகிவிடும். உண்ட வீட்டின் ‘ஜந்தெ’யை, அதாவது கூரை மரங்களை, எண்ணக் கூடாது என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. சோறிட்டவருக்கு இரண்டகம் நினையாதே என்பது அதன் கருத்து. அவ்வீட்டில் கேட்ட ஒரு சொல்லும் என் குறிப்பேட்டில் இல்லை. டிசம்பரில் மீண்டும் மைசூர் செல்வேன். அப்போது நேரில், அவர் மகளும் உடனிருக்கும்போது, மறுப்பதற்கு வழிவிட்டுக் கேட்பேன். மறுத்தால் வேறு பேச்சாளர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது:

“அம்மா, காலையில் நலமாக வந்து சேர்ந்தேன். மொசரன்னத்தைப் பெங்களூரு தாண்டியதும் சாப்பிட்டேன், மாதுளை எதிர்பாராதது. புதன்கிழமை இரவு நீங்கள் சாப்பிடாமல் காத்திருந்ததை மறக்கமாட்டேன். அடுத்த முறை தாமதமானால் முன்பே தொலைபேசியில் சொல்வேன். நீங்கள் சாப்பிட்டுவிட வேண்டும். ஜன்னலோர மேசையில் இரண்டு அத்தியாயங்களைப் படித்து முடித்தேன். இங்கே என் மேசையையும் இன்று ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன். தும்பா உபகார ஆயித்து. முழங்கால் தைலத்தை இரவில் மறவாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வருகிறேன்.”

இரவு ஒன்பதரைக்குப் பதில் வந்தது: “ஊட்ட ஆய்த்தா?”

சாப்பிட்டாயிற்றா என்ற அக்கேள்வியை ஆறு நாளும் இரவில் கேட்டிருக்கிறேன். என் நன்றியை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயிற்று அம்மா, உங்களுக்கு என்று எழுதினேன்.