கூறு

1996 தை மாதம். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடந்தது. அம்மா இறந்து ஏழு மாதமாகியிருந்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் பெரிய அண்ணன் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். தாய்மாமன் நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்ன அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தான். அக்கா நிலைப்படியோரம். கடைக்குட்டி நான்.

அண்ணன் நல்லவர். இதை ஒரு தற்காப்பாகச் சொல்லவில்லை. அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

அப்பா போன 1990லிருந்து வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அதை மாமாவிடம் நீட்டினார். "நீங்க பாத்துடுங்க மாமா. என் கைக்காசு போட்டது தனியா இருக்கு. அதை நான் கேக்கப்போறதில்லை." பிறகு எங்களிடம்: "மூத்தவன்னு எனக்கு ஒரு குழிகூட கூடுதலா வேணாம். நான் மூணு கூறு வைக்கிறேன். சின்னவன் மொதல்ல எடுக்கட்டும். அடுத்து நடுவுலவன். மிச்சம் எனக்கு."

இது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கூறு வைப்பவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதால் அவன் கை தராசு போலாகிவிடும். அண்ணன் அப்படித்தான் செய்திருந்தார். தலைமடை நிலம் உள்ள கூறில் தென்னை குறைவு. கடைமடைக் கூறுக்குக் களத்துமேட்டை ஒட்டிய துண்டைச் சேர்த்திருந்தார். மொத்தம் 12 மா. கூறுக்கு 4 மா. மாமா தலையை ஆட்டினார். மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு வாக்கியம் வந்தது. "தங்கச்சிக்கு நாம ஒரு கொறையும் வைக்கல. 79லயே அப்பா நல்லபடியா செஞ்சு குடுத்துட்டாங்க. இனியும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த வீட்டுலேர்ந்து சீர் போகும். அது ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டா போதும்."

அந்த 'நாம'வில் அக்கா இல்லை. நாங்கள் மூவரும் கொடுப்பவர்கள். அவள் வாங்கிக்கொள்பவள். அண்ணன் யோசித்துச் சொன்னதல்ல இது; இலக்கணம் அவருக்கு முன்பே அப்படி அமைந்திருந்தது.

வீட்டை விட்டுவிடுகிறேன். நிலத்தை மட்டும் கணக்குப் பார்க்கலாம். 12 மாவில் 8 மா தாத்தா வழி வந்தது. 4 மா அப்பா சம்பாதித்து வாங்கியது. அப்பா உயில் எழுதவில்லை. பெண்ணையும் பூர்வீகச் சொத்தில் சம பங்காளியாக்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவளுக்குப் பொருந்தாது. எனவே அந்த 8 மாவில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் பங்காளிகள். அப்பாவின் பங்கு 2 மா. அந்த 2 மாவிலும், அவர் வாங்கிய 4 மாவிலும் 1956ஆம் வருஷச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் கிடையாது. அம்மாவுக்குச் சேர வேண்டியதும் அவளுக்குப் பிறகு நால்வருக்கும் சமம். ஆக அக்காவுக்கு முதலில் அரை மா, பிறகு ஒரு மா. மொத்தம் 150 குழி. ஏறக்குறைய அரை ஏக்கர்.

எனக்கு இந்தக் கணக்கு அன்று தெரியாது என்று சொல்லலாம். பாதி தெரியும். அப்பா வாங்கிய நிலத்தில் அக்காவுக்கு உண்டு என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் பேசவில்லை. கூறு அவ்வளவு நேர்மையாக இருந்தது. மூவருக்குள் ஒரு குழி பிசகாத அந்த நியாயத்துக்கு முன்னால், நான்காவது கூறு எங்கே என்று கேட்பது அண்ணனைத் திருடன் என்பது போலாகியிருக்கும். அவர் கொஞ்சம் ஏமாற்றியிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா ஒன்றே கேட்டாள். "எழுதுனதைப் படிச்சுக் காட்டுவாங்கள்ல?"

பதிவு அலுவலகத்தில் பத்திர எழுத்தர் படித்தார். விடுதலைப் பத்திரம். கல்யாணத்தின்போது பெற்ற நகைகளையும் சீர்களையும் கருதி, தன் பாத்தியதை முழுவதையும் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக. அக்கா கடைசிவரை கேட்டாள். பாத்தியதை இருந்தது என்பதை, அதை விடும் பத்திரத்தில்தான் முதன்முதலாக ஒருவர் அவளிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். மறுநாள் எங்கள் பாகப்பிரிவினை பதிவாயிற்று.

2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: மகள் பிறப்பாலேயே பங்காளி, 2005 திருத்தத்தின்போது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. அண்ணன் போன் செய்தார். "2004 டிசம்பர் 20க்கு முன்னால பதிஞ்ச பாகத்தைத் தொட முடியாதாம். நல்லவேளை, நாம அப்பவே முடிச்சோம்." குரலில் கள்ளம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. நான் "ஆமா" என்றேன்.

அக்கா பங்கு சேராவிட்டால் என் கூறு மூன்றரை மா. இருப்பது நாலு. அந்த 50 குழி எந்த வரப்புக்கும் எந்த வரப்புக்கும் நடுவில் இருக்கிறதென்று என்னால் காட்ட முடியாது. குத்தகை நெல் மொத்தமாகத்தான் வருகிறது.