மவுஸை நகர்த்தினால் கேட்கும் சத்தம்

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்கிய கையோடு, "பாட்டு நல்லாக் கேக்கோணும்னா தனியா ஒரு டேக் வாங்கணுமுங்களா?" என்று கேட்கும் பிள்ளைகள் கோவையில் பெருகிவிட்டார்கள். டேக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சில்லு. அது தனியாக வாங்கினால்தான் வரும் என்பதில்லை. மதர்போர்டிலேயே ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ரியல்டெக் நிறுவனத்துடையது. யுஎஸ்பி வாலோடு விற்கும் அடாப்டரிலும் அதே வேலையைச் செய்யும் இன்னொரு சில்லுதான். பணம் போடுவதற்கு முன் தெரிய வேண்டியது, இருக்கிற சில்லு எந்த இடத்தில் தோற்கிறது என்பது.

சில்லு தோற்பது அரிது என்பது என் கருத்து. சிடி தட்டில் ஒலி 16 பிட்டில் பதிவாகிறது. அதில் மிக உரத்த ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் தூரம். நல்ல மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி 1220 சில்லுக்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 120 டெசிபல். மலிவான சில்லுகள் இதைவிடக் குறைவு. ஆனாலும் ஃபேன் ஓடுகிற, தெருவில் டவுன் பஸ் போகிற வீட்டில் அந்தக் குறையைக் காது பிடிப்பது கடினம். கெடுவதெல்லாம் சில்லுக்கும் காதுக்கும் நடுவில்தான்.

ஒண்டிப்புதூரில் இருக்கும் என் தங்கை மகன் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் படிக்கிறான். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருந்தான். "மாமா, மவுஸை நகத்துனா காதுக்குள்ள கிர்ருங்குதுங்க. கேம் போட்டா இன்னும் ஜாஸ்தி. டேக் வாங்கீறட்டுங்களா?" என்று போனில் கேட்டான். "எந்த ஓட்டைல சொருகியிருக்கறே?" என்றேன். கேபினட்டின் முன்பக்கம்.

முன் ஜாக்கிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு மெல்லிய வயர் போகிறது. ஆடியோ பின்கள் பெரும்பாலும் போர்டின் பின் மூலையில் இருப்பதால், அந்த வயர் கேபினட்டின் நீளம் முழுவதும் ஓட வேண்டியிருக்கிறது. வழியில் கிராபிக்ஸ் கார்டையும் யுஎஸ்பி வயர்களையும் உரசிக்கொண்டு போகிறது. மவுஸை அசைக்கும்போதும் கேமில் கார்டு வேகமெடுக்கும்போதும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஆடியோ வயரிலும் அதன் கிரவுண்ட் பாதையிலும் ஏறிக்கொள்கிறது. மவுஸின் அசைவோடும் கேமின் ஓட்டத்தோடும் சேர்ந்து மாறுகிற சத்தம் என்றால் காரணம் இதுதான். எதற்கும் மாறாமல் ஒரே சீராக "ஸ்ஸ்" என்று இருப்பது வேறு சங்கதி. அது சில்லும் ஆம்ப்ளிஃபையரும் தாமே எழுப்பும் இரைச்சல்.

பின்பக்க ஜாக் போர்டோடு ஒட்டியே இருக்கிறது, வயர் கிடையாது. அதில் மாற்றச் சொன்னேன். கிர்ர் சத்தம் ஏறக்குறைய போய்விட்டது, காசு செலவில்லாமல். பின்பக்கத்திலும் போகாமல் இருந்திருந்தால் யுஎஸ்பி அடாப்டர் நியாயமான மருந்து. சில்லும் அனலாக் பாதையும் கேபினட்டுக்கு வெளியே வந்துவிடும் அல்லவா. ஆனால் நூற்றைம்பது ரூபாய் பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டாம். அவற்றில் பல, மதர்போர்டைவிட அதிகமாக இரையும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது இன்னொன்று சொன்னான். அதே ஹெட்போன், போனுக்கு வாங்கிய சிறு டைப்-சி அடாப்டரில் வேறு மாதிரி கேட்கிறதாம். கம்ப்யூட்டரில் பேஸ் ஊதிப்போய், பாடகர் குரல் அதற்குப் பின்னால் நிற்கிறதாம். சத்தமாகக் கேட்டால் நன்றாகக் கேட்பது போலத் தோன்றும் என்பதால் இப்படிச் சொல்கிறவர்களை நான் சட்டென்று நம்புவதில்லை. ஆனால் அவன் சொன்னது குறிப்பாக இருந்தது: கீழ்ச் சுருதி மட்டும். அது அளந்து பார்க்கக் கூடியது.

அளக்கும் கருவிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அவன் அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர், ஏசியில் 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர் பட்டறையில் இருந்தது. ஆடாசிட்டி மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கி ஓடவிட்டோம். பழைய ஹெட்போனிலிருந்து வெட்டிய பின்னின் நுனிக்கும் அடிக்கும் நடுவில் மீட்டரை வைத்து, வால்யூமைத் திருப்பி சரியாக 1.00 வோல்ட் வரவழைத்தோம். பிறகு அதே இரண்டு வயருக்கும் நடுவில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டோம். மீட்டர் 0.30-க்கு விழுந்துவிட்டது. இந்த நேரத்தில் ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது.

கணக்கு எளிது. ஒன்றை 0.30-ஆல் வகுத்து, அதில் ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் 77. ஜாக்குக்குள்ளேயே 77 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழுது ஒன்றுமில்லை. பல மதர்போர்டுகளில் ஜாக்குக்கு முன்னால் 75 ஓம் அளவில் ரெசிஸ்டர் வைத்தே செய்கிறார்கள், பின் இடறி ஷார்ட் ஆனாலும் சில்லுக்கு ஆபத்து வராமல் இருக்க. ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையருக்கு இதனால் பாதிப்பே இல்லை, அதன் உள்ளீடு ஆயிரக்கணக்கான ஓம். ஹெட்போனுக்குத்தான் வினை. டைப்-சி அடாப்டரில் இதே சோதனையைச் செய்தோம். 1.00 வோல்ட் 0.97-க்கு இறங்கியது, அதாவது தடை 1 ஓம்.

ஹெட்போன் பெட்டியில் போட்டிருக்கும் 32 ஓம் பொதுவாக 1000 ஹெர்ட்ஸில் அளந்தது. பேஸ் பக்கம் சவ்வு தன் இயல்பான அதிர்வில் ஆடும் இடத்தில் அது 64 ஓம் வரைக்கும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 ஓம் ஜாக்கில், 32 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது மொத்த வோல்டேஜில் 30 சதவீதம். 64 ஓம் இருக்கும் இடத்தில் 46 சதவீதம். பேஸ் மட்டும் கிட்டத்தட்ட 4 டெசிபல் தூக்கிக்கொள்கிறது. 1 ஓம் அடாப்டரில் அந்த வித்தியாசம் டெசிபலில் ஏழில் ஒரு பங்குகூட வராது. மருமகன் காது சொன்னது சரி.

இது எல்லா ஹெட்போனுக்கும் நடக்காது. சாதாரண இயர்போன்களில் தடை எல்லா ஸ்வரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, பெரும்பாலும் 16 ஓம். அவற்றை 75 ஓம் ஜாக்கில் போட்டால் ஒலி 15 டெசிபல் குறையும், ஆனால் குணம் மாறாது. வால்யூமை ஏற்றினால் தீர்ந்தது. அடாப்டரில் செருகியவுடன் ஒரே பாட்டு பளீரென்று எழுவதற்கும், "துல்லியமா இருக்குதுங்க" என்று சொல்ல வைப்பதற்கும் இந்த 15 டெசிபலே போதும்.

அதனால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒய் கேபிளில் ஹெட்போனையும் மீட்டரையும் சேர்த்து, 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வரும்வரை சரிசெய்தோம். மலிவான மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் சற்றுத் தவறாகக் காட்டலாம். இரண்டுக்கும் அதே மீட்டர் என்பதால் தவறும் ஒன்றுதான். தங்கை பின்னால் நின்று காசு சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றிச் செருகினாள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் நடக்கும் இடங்களில், அவனுடைய ஹெட்போனில் எது எது என்று தவறாமல் சொன்னான். போனோடு வந்த இயர்போனைக் கொடுத்தபோது பாதிக்குப் பாதி, அதாவது வெறும் ஊகம். ஆகவே அவனுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய அந்தச் சிறு அடாப்டரே போதும். ஏழாயிரம் ரூபாய் டேக் அதற்கு மேல் கொடுப்பதற்கு அந்த ஹெட்போனில் இடமில்லை.

இதே பிள்ளைகள் இன்னொரு தொல்லைக்கும் டேக் வாங்கி ஏமாறுகிறார்கள். அதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கம்ப்யூட்டரை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் வரும் "ம்ம்ம்" என்ற உறுமல் சில்லிலிருந்து வருவதில்லை. கம்ப்யூட்டர் ஒரு ப்ளக் பாயிண்டில் எர்த் ஆகிறது, ஆம்ப்ளிஃபையர் இன்னொரு அறையின் பாயிண்டிலோ கேபிள் டிவி வயர் வழியாகவோ எர்த் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆடியோ வயரின் உறை வழியே கரண்ட் சுற்றுகிறது. யுஎஸ்பி வயரிலும் கிரவுண்ட் உண்டு. டேக் நடுவில் வந்தாலும் அந்தச் சுற்று அறுவதில்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால் இதுதான் காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இல்லாவிட்டால் சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசோலேட்டரை ஆடியோ வயரின் நடுவில் போடலாம். ஆப்டிகல் ஜாக் இருந்தால் அதுவே மேல், அதில் போவது வெளிச்சம், கரண்ட் அல்ல.

எர்த்தே செத்துக் கிடக்கும் வீடுகளும் இங்கே நிறைய. கரியும் உப்பும் போட்டு மூடிய குழியில் கோடை வந்தால் ஈரம் வற்றிவிடும், தண்ணீர் ஊற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது. கேபினட்டின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்றால் அடையாளம் அதுவே. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டிக் கசிவு எர்த் வழியே இறங்க வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. ஆடியோ வயரைச் செருகியதும் அதுதான் ஆம்ப்ளிஃபையருக்குள் உறுமலாக நுழைகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள், 230 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். உறுமல் நிற்கிறது என்று மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்து வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பவர் சப்ளை ஒருநாள் பழுதானால் அந்தக் கேபினட்டைத் தொடுகிற பிள்ளையைக் காப்பாற்ற அந்தப் பின் ஒன்றுதான் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால், அது சதுர அலை இன்வெர்ட்டரின் வேலை. டேக் அதையும் நிறுத்தாது. ப்ளூடூத்தில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு வரிதான் உண்டு: உங்கள் டேக் இயர்பட்ஸுக்குள்ளேயே இருக்கிறது, கம்ப்யூட்டரில் எதைச் செருகினாலும் ஒலி அதன் வழியாகப் போகாது.