சந்திகளைப் பிடித்தால் சென்னை பிடிபடும்

5 அக்டோபர் 2025, ஞாயிறு. திருகோணமலை

நாளை இரவு ரயிலில் கொழும்பு, அங்கிருந்து சென்னை. அம்மாவின் கண்ணைக் காட்டப் போகிறோம். ஆஸ்பத்திரி நுங்கம்பாக்கத்தில், தங்குமிடம் மயிலாப்பூரில். தம்பியும் தரமணியில் படிக்க வரப்போகிறான், தாம்பரத்தில் பெரியம்மா மகள் வீட்டில் தங்குவான். அவனுக்கும் உதவட்டும் என்றுதான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் மெட்ரோ கிடையாது. கொழும்பிலும் கிடையாது, ஜப்பான் கடனில் வர இருந்த இலகு ரயில் திட்டம் 2020-ல் கைவிடப்பட்டது. ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவது எங்களுக்குப் பழக்கம்தான். 2009-ல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பஸ்ஸில் துறைக்கு வந்து, பாதையில் ஏறி, அக்கரையில் மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும், வீடு போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானித்தது துறையில் நின்ற நேரம்தான். ரயிலிலும் கல்லோயாச் சந்தி தெரிந்தவருக்குத்தான் திருகோணமலைக்கு எது, மட்டக்களப்புக்கு எது என்பது விளங்கும்.

அந்த நினைப்போடுதான் சென்னைப் படத்தை மேசையில் விரித்தேன். ஒவ்வொரு கோட்டின் நிலையங்களையும் மனப்பாடம் பண்ணப் போவதில்லை. ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடிய இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: கடற்கரை, சென்ட்ரல், எழும்பூர், கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலை, விமான நிலையம். கொப்பியின் அரைப்பக்கத்துக்குள் முழு நகரமும் அடங்கிவிட்டது.

7 அக்டோபர், செவ்வாய். மயிலாப்பூர்

விமான நிலையத்தில் இறங்கியவருக்கு இரண்டு ரயில் இருக்கிறது. மெட்ரோ நிலையம் விமான நிலையத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் நிலையம், அது கடற்கரை–தாம்பரம் புறநகர் ரயிலின் தடம். புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய், மெட்ரோவில் அதிகபட்சம் 50. பணத்தைப் பார்த்தால் திரிசூலம். ஆனால் பெட்டியோடு ஒரு வயதான ஆளைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்து படியேறுவதை நினைத்தால் மெட்ரோ. நீலத் தடத்தில் நந்தனம் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் மயிலாப்பூர் சேர்ந்தோம்.

மெட்ரோவில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தடங்கள் இரண்டு. நீலம் விமான நிலையத்திலிருந்து தேனாம்பேட்டை, சென்ட்ரல் வழியாக விம்கோ நகருக்குப் போகிறது. பச்சை பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு, எழும்பூர் வழியாக சென்ட்ரலில் முடிகிறது. இரண்டும் ஆலந்தூரில் ஒரு முறை, சென்ட்ரலில் ஒரு முறை சந்திக்கின்றன. ஆகவே ஆலந்தூரில் நின்று "சென்ட்ரல் போகுமா?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் "போகும்" என்றுதான் பதில் வரும், இரண்டும் உண்மை. பச்சை கோயம்பேட்டைச் சுற்றிப் போகும். எந்த நிலையத்தில் முடிகிறது என்பதோடு எந்த வழியாகப் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

8 அக்டோபர், புதன்

காலையில் ஆஸ்பத்திரி. படத்தில் பார்த்தால் மயிலாப்பூரிலும் ரயில், நுங்கம்பாக்கத்திலும் ரயில். மயிலாப்பூரில் இருப்பது பறக்கும் ரயில், கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை போவது. நுங்கம்பாக்கத்தில் இருப்பது கடற்கரை–தாம்பரம் ரயில். இரண்டும் கடற்கரையில் புறப்பட்டு, கோட்டை நிலையத்தைக் கடந்ததும் பிரிந்து தெற்கே போகின்றன. ரயிலிலேயே போவதென்றால் திருமயிலையிலிருந்து வடக்கே பார்க் டவுன் வரை ஏறிப் போய், பக்கத்துப் பார்க் நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து எழும்பூர், சேத்துப்பட்டு தாண்டித் தெற்கே நுங்கம்பாக்கத்துக்கு இறங்கி வர வேண்டும். இரண்டும் தெற்கு ரயில்வேயுடையவை என்பதால் ஒரே சீட்டுப் போதும். ஆனாலும் மேலே போய்க் கீழே வரும் வழி அது.

வீட்டுக்கார அம்மா சிரித்தா. "ரயிலெல்லாம் எதுக்கும்மா? லஸ்ல போய் நில்லுங்க, இருபத்தொம்போது சி வரும். ஸ்டெர்லிங் ரோட்ல இறங்கிக்குங்க."

29சி பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூருக்குப் போகிற பஸ். லஸ், ஜெமினி, ஸ்டெர்லிங் ரோடு என்று இரண்டு ரயில் தடங்களுக்கும் குறுக்கே நகரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. சாதாரணக் கட்டண பஸ் என்பதால் அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அப்படி. முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய பஸ்கள் அந்த வகை.

சென்னை ரயில் தடங்கள் பெரும்பாலும் பழைய நகர மையத்தில் தொடங்கி வெளியே விரிகின்றன. பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இருக்கும் இரண்டு ஊர்களை இணைப்பது பஸ்தான். எனவே புதிதாக வந்தவர் தன் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தோடு, தன் தெருமுனையில் நிற்கும் ஒரு குறுக்குப் பஸ்ஸையும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் எண்ணோடு "கட்" என்று இருந்தால் அது முழுத்தூரம் போகாது, இடையிலேயே திரும்பிவிடும். ஏறுமுன் இறங்குமிடத்தைச் சொல்லிக் கேட்பது அதற்காக.

9 அக்டோபர், வியாழன்

அம்மா ஓய்வெடுக்க, நான் சென்ட்ரலைப் பார்க்கப் போனேன். படத்தில் ஒரு புள்ளியாக இருப்பது நேரில் ஐந்து நிலையம். நீண்டதூர ரயில்களுக்குச் சென்ட்ரல். அதன் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் நிலையம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் புறநகர் ரயில்கள் அங்கிருந்துதான். நிலத்தடியில் மெட்ரோ. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் தாம்பரம் தடத்தின் பார்க் நிலையம். அதையடுத்து பறக்கும் ரயிலின் பார்க் டவுன்.

இப்படிச் சிதறியதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. சென்ட்ரல் 1873-ல் அகலப்பாதை ரயிலுக்காகக் கட்டப்பட்டது. எழும்பூர் 1908-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர்பாதைக்காக வந்தது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த மீட்டர்பாதையில்தான். கம்பெனி வேறு, தண்டவாளத்தின் அகலமும் வேறு என்றால் நிலையமும் வேறாகத்தானே இருக்கும்? பறக்கும் ரயில் 1995-லும், சென்ட்ரலுக்கு மெட்ரோ 2018-லும் வந்து, இருந்த இடத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டன.

ஆகவே ஒரு சந்தியைப் படிப்பதென்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இறங்கிய மேடையிலிருந்து ஏறும் மேடை வரை நடை எவ்வளவு, படி எத்தனை. சீட்டு அதே நிறுவனத்தினுடையதா, புதிதாக எடுக்க வேண்டுமா. அடுத்த வண்டி அடிக்கடி வருமா, இல்லையா. தாம்பரம் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் கவலையில்லை. பறக்கும் ரயிலில் இடைவெளி கூட, அட்டவணை பார்த்துத்தான் போக வேண்டும்.

11 அக்டோபர், சனி. தாம்பரம்

பெரியம்மா மகள் வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் அத்தானோடு கோயம்பேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தாம்பரத்தில் மேடையில் நின்றபோது அவர் ஒரு பாடமே எடுத்துவிட்டார்.

இங்கே ஏறும் புறநகர் ரயில், சாலையைக் கடந்து மாறும் திரிசூலத்தையும் பார்க்கையும் விட்டால், மூன்று இடத்தில் மெட்ரோவைத் தொடுகிறது: பரங்கிமலை, கிண்டி, எழும்பூர். எங்கே மாறுவது என்பதை, போகுமிடம்தான் சொல்லும். கோயம்பேட்டுக்கு என்றால் பரங்கிமலையில் இறங்க வேண்டும், பச்சைத் தடம் அங்கேயே தொடங்குகிறது. தேனாம்பேட்டைக்கு என்றால் கிண்டியில் இறங்கி நீலத் தடம். சென்ட்ரலுக்கு என்றால் மாறவே தேவையில்லை. பார்க் வரை உட்கார்ந்திருந்து சாலையைக் கடந்தால் போதும். சென்ட்ரல் மெட்ரோ இருக்கிறதே என்று கிண்டியில் இறங்கி மாறினால் இரண்டாவது கட்டணமும் ஒரு ஏற்ற இறக்கமும்தான் மிச்சம்.

அத்தான் தன் போனில் 'சென்னை ஒன்று' செயலியைக் காட்டினார். போன மாதம் 22-ம் தேதி வெளியிட்டார்கள். புறப்படும் இடமும் சேரும் இடமும் கொடுத்தால் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் இணைத்து வழி காட்டி, ஒரே க்யூ.ஆர். சீட்டாகத் தருகிறது. மாநகர பஸ் மாநில அரசுடையது, புறநகர் ரயில் மத்திய அரசுடையது, மெட்ரோ இரண்டு அரசுகளின் கூட்டு நிறுவனம். மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரத்தான் 'கும்டா' என்ற போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சீட்டு ஒன்றாகிவிட்டது. ஆனால் மேடைக்கு மேடை நடக்கும் தூரத்தைச் செயலி குறைக்காது, அதைக் காலால்தான் அறிய வேண்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

மயிலாப்பூருக்குத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில்கள் குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில ரயில்களை நிறுத்துவதும் பெரும்பாலும் இன்றைக்குத்தான். அறிவிப்பு முதல் நாள் பத்திரிகையில் வந்துவிடுகிறது. மேடையில் கூட்டம் வழக்கத்துக்கு மாறாகச் சேர்ந்து நின்றால் ஏதோ ரத்து என்று புரிந்துகொள்ளலாம். அப்போது ரயிலுக்காகக் காத்து நிற்காமல், அந்தத் தடத்தை ஒட்டிச் சாலையில் ஓடும் பஸ் எது என்று கேட்பதே நல்லது. தாம்பரம் தடத்துக்கு ஜி.எஸ்.டி. சாலைப் பஸ்கள் அப்படித் துணை.

13 அக்டோபர், திங்கள்

இன்று தம்பிக்கு எழுதி அனுப்பியது:

"தாம்பரத்தில் தங்கித் தரமணிக்குப் போகப் போகிறாய். படத்தில் இரண்டு இடத்திலும் ரயில் இருக்கிறதே என்று நம்பாதே. தாம்பரம் தடமும் பறக்கும் ரயிலும் தெற்கே இன்னும் சந்திக்கவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை 2008-ல் தொடங்கி, கடைசி அரைக் கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் பல வருடம் நின்று, இப்போதுதான் முடியும் நிலைக்கு வருகிறது. அது திறந்தால் பரங்கிமலையில் மாறிப் போய்விடலாம். அதுவரை மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகும் பஸ்ஸில் ஏறு. வேளச்சேரியில் இறங்கினால் பறக்கும் ரயிலில் பெருங்குடி, அடுத்தது தரமணி.

வகுப்புத் தொடங்க முன்னமே ஒரு வேலைநாள் காலையில், வகுப்புக்குப் போகும் அதே நேரத்தில் இந்த வழியில் போய்ப் பார். பஸ்ஸிலிருந்து ரயில் மேடை வரை எத்தனை நிமிடம் என்று எழுதி வை. திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை நிலையத்து அட்டவணையில் பார்த்து அதையும் எழுது. அடுத்ததாக சென்ட்ரல், கிண்டி, பரங்கிமலை மூன்றிலும் இறங்கி, ஒரு மேடையிலிருந்து மற்றதுக்கு நடந்து பார். மற்ற நிலையங்களை வேலை வரும்போது தெரிந்துகொள்ளலாம்."