குறைந்த 72

இரண்டாம் தவணைப் புள்ளிப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டோம். இஷாவுக்குப் பிறகு தரம் 10 மாணவி ஒருத்தியின் குரல் பதிவு வந்தது.

"சேர், என்ட டோட்டல் 573 என்டு இருக்கு. மூனு தரம் கூட்டிப் பார்த்தன், 645 வருது."

கணினி கூட்டினால் பிழைக்காது என்று பதில் எழுதப் போனோம். நல்லவேளை, குறைந்த 72 எங்கேயோ கண்ட எண்ணாகத் தெரிந்தது. அவளுடைய வரலாற்றுப் புள்ளி!

கோப்பைத் திறந்தால் சூத்திரம் சரி: `=SUM(C5:K5)`. ஆனால் மற்றப் பாடங்களின் எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் நிற்க, வரலாறு மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றது. அந்த நிரல் `Text` வடிவில் இருந்திருக்கிறது. அதில் அடித்த 72ஐ எக்செல் எழுத்தாகவே எடுக்கும். `SUM` அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஆக, 34 பிள்ளைகளுக்கும் வரலாறு சேரவில்லை. 40 எடுத்தவளுக்கு 40 நட்டம், 90 எடுத்தவளுக்கு 90. கூட்டிப் பார்த்தவள் ஒருத்திதான், நாமும் பார்க்கவில்லை.

`Convert to Number` கொடுத்ததும் கூட்டுத்தொகைகள் சரியாகின, நிலைகள் மாறின. இவள் ஒன்பதிலிருந்து ஐந்துக்கு வந்தாள். மூன்றாவதாக நின்ற பிள்ளை ஆறுக்குப் போனாள். அவளுடைய உம்மா அதற்குள் குடும்பத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

திருத்திய பட்டியலைப் போடுமுன் அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னோம். உம்மா ஒன்றும் பேசவில்லை. பிள்ளைதான் கதவடியில் நின்று கேட்டாள்:

"அப்ப மூனாவது யாரு சேர்?"