சராசரியின் நிறை

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் புகுந்த என் பழைய மாணவி, முதல் அரையாண்டில் வெளிவந்த மூன்று பாடங்களின் பெறுபேற்றோடும் கைந்நூலோடும் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், மூண்டுக்குக் கீழை போட்டுது, 2.90 தான்" என்றாள்.

ஏ மைனஸுக்கு 3.7, பிக்கு 3.0, சிக்கு 2.0. இவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்திருந்தாள். பாடங்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல என்பதை அவள் நோக்கவில்லை. முதலிரண்டும் மும்மூன்று கிரெடிட். சி பெற்ற பாடமோ இரண்டே கிரெடிட். ஒவ்வொரு தரப்புள்ளியையும் அதற்குரிய கிரெடிட்டால் பெருக்கினோம்: 11.1, 9, 4. கூட்டுத்தொகை 24.1. அதனை மொத்தக் கிரெடிட்டாகிய எட்டால் வகுத்தபோது 3.01 வந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"இந்தக் கிரெடிட் எண்டது என்ன, ரீச்சர்?"

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பு. விரிவுரைப் பாடமாயின் வகுப்பில் 15 மணி. எஞ்சிய 35 மணி சொந்தப் படிப்பு. குறிகட்டுவான் துறையில் படகுக்காக அவள் காத்திருக்கும் மணிகளுக்குக் கைந்நூலில் இடமில்லை. அவை கழிவது அந்த 35 மணியிலிருந்தே.