சிவப்புப் பை

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வை இரண்டாம் முறை வாசிப்பவருக்கு முடிவு தெரியும். ஏழாம் பாகத்தின் இறுதியில் அன்னா சரக்கு ரயிலின் அடியில் விழுந்து இறக்கிறாள். ஆகவே முதல் பாகத்தில், அவள் விரான்ஸ்கியைச் சந்திக்கும் அன்று மாஸ்கோ ரயில் நிலையத்தில் ஒரு காவலாளி ரயிலில் நசுங்கிச் சாகும் இடத்தில் வாசிப்பு தானாகவே தயங்கி நிற்கிறது. ஆனால் அது ஒளித்துவைத்த குறிப்பல்ல. கெட்ட சகுனம் என்று அன்னாவே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். முதல் வாசிப்பிலும் எவர் கண்ணுக்கும் தப்பாது.

உரத்த அந்தக் குறிப்பின் நிழலில் சன்னமான வேறொன்று இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் திரும்பும் இரவு ரயிலில் அன்னா ஒரு சிறிய சிவப்புப் பையைத் திறந்து தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பணிப்பெண்ணிடம் விளக்கு வாங்கி இருக்கைக் கையில் மாட்டுகிறாள். பிறகு ஓர் ஆங்கில நாவலை வாசிக்கத் தொடங்குகிறாள். வாசிப்பு ஓடவில்லை, பிறர் வாழ்வைப் படிப்பதைவிடத் தானே வாழ்ந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு. முதல் வாசிப்பில் இவை பயணத்தின் சாமான்கள், அவ்வளவுதான்.

ஏழாம் பாகத்தில் அதே பை திரும்புகிறது. முதல் பெட்டியின் நடுப்பகுதிக்கு நேராக விழ அவள் நினைக்கிறாள். கையிலிருந்து கழற்றப் பார்த்த சிவப்புப் பை தாமதப்படுத்திவிடுகிறது, பெட்டி கடந்து போய்விடுகிறது. அடுத்த பெட்டிக்குக் காத்திருந்து, பையை வீசிவிட்டு விழுகிறாள். அவள் இதுவரை வாசித்துவந்த வாழ்க்கை என்னும் புத்தகத்துக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி ஒருகணம் சுடர்ந்து அணைவதாக டால்ஸ்டாய் எழுதுகிறார். பை, விளக்கு, புத்தகம் மூன்றும் அந்த இரவு ரயிலிலிருந்து வந்தவை.

இருவருக்கும் பொதுவாக வரும் அந்தத் தாடிக்காரக் குடியானவனின் கனவு எனக்கு இன்றும் ஒட்டவில்லை. பை வந்த இடத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. பயணி பை வைத்திருப்பாள். ஒரே கனவு இருவருக்கும் வருவதற்கோ, பின்னால் நடக்கப்போவதைத் தவிர வேறு காரணமே தெரிவதில்லை. ஆசிரியரின் கை தென்படுகிறது.

1872 ஜனவரியில் யாஸ்னயா போல்யானாவுக்கு அருகில் அன்னா பிரகோவா என்ற பெண் ரயில் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் அவள் உடலை நேரில் பார்த்தார். நாவலை எழுதத் தொடங்கியது 1873இல். முடிவைத் தெரிந்துகொண்டு முன்பகுதியில் தடயங்களைத் தூவினார் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. நடைமேடையில் நிற்கும் அன்னாவுக்கு, விரான்ஸ்கியை முதலில் சந்தித்த நாளில் நசுங்கிய மனிதன் திடீரென்று நினைவுக்கு வருகிறான். அதன் பிறகே என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிகிறது. அதுவரை அந்த மரணம் அவளை எங்கும் இழுத்துப் போகவில்லை. நாம் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுவதுபோலத் தன் கதையைப் புரட்டி, அந்தப் பக்கத்தை அவளேதான் தேடி எடுக்கிறாள்.